ரூட் கெனால் செய்த பல்லுக்கு போஸ்ட் எப்போது தேவை, வேர் எதனால் பிளக்கிறது

கேள்வி: மேல் வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்திருக்கிறது. பல்லின் பெரும்பகுதி உடைந்துபோனதால் வேருக்குள் போஸ்ட் என்ற சிறு தண்டை வைத்து, மேலே கோர் கட்டி, அப்புறம்தான் கேப் போட முடியும் என்கிறார் டாக்டர். போஸ்ட் வைத்தால் பல் பலமாகுமா? போஸ்ட் வைத்த பல் வேரோடு பிளந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது?

போஸ்ட் பல்லைப் பலப்படுத்துவதில்லை. அதற்கு இருக்கும் வேலை ஒன்றுதான்: உடைந்துபோன மேற்பகுதிக்குப் பதிலாக நாம் கட்டும் கோர் பெயர்ந்து விழாமல் வேருக்குள்ளிருந்து பிடித்துக்கொள்வது. அந்தப் பிடிப்பு தேவைப்படாத பல்லில் போஸ்ட் வைத்தால், பயன் ஏதுமின்றி வேரின் உட்புறத்தைச் சுரண்டியதாகிவிடும். அந்தப் பிடிப்பு தேவைப்படும் பல்லில் வைக்காமல் விட்டால், கேப்பும் கோரும் சேர்ந்து சில மாதங்களிலேயே கையோடு வந்துவிடும். ஆகவே உங்கள் டாக்டர் சொல்வதும் உறவினர் அஞ்சுவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று சொல்ல முடியாது. எது உங்கள் பல்லுக்குப் பொருந்தும் என்பதை, ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

நரம்பை எடுத்துவிட்டால் பல் காய்ந்து நொறுங்கும் தன்மையை அடைகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அதனால்தான் உள்ளே ஒரு கம்பி வைத்துவிட்டால் நல்லது என்று முந்தைய தலைமுறை மருத்துவர்கள் கருதினார்கள். ஆனால் ஒரே மனிதரின் ரூட் கெனால் செய்த பல்லையும், எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் உயிரோடிருந்த பல்லையும் 1992-இல் ஒப்பிட்டுச் சோதித்த செட்ஜ்லி, மெசர் ஆகியோர், பல்லின் உடற்பகுதியான டென்டினின் இயல்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பல்லைப் பலவீனப்படுத்துவது நரம்பின் இழப்பைவிட டென்டினின் இழப்பே. 1989-இல் ரீ, மெசர், டக்ளஸ் மூவரும் முன்கடைவாய்ப் பற்களில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது: ரூட் கெனாலுக்காக மேலே துளை போடுவதால் மட்டும் பல்லின் விறைப்பு ஏறக்குறைய 5 சதவீதம்தான் குறைந்தது, முன்பக்கச் சுவர், மேற்பரப்பு, பின்பக்கச் சுவர் மூன்றையும் சேர்த்து வெட்டிய பெரிய குழியோ அதை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. பக்கத்துப் பற்களைத் தொட்டு நிற்கும் அந்த இரு சுவர்களும் போய்விட்டால், மெல்லும்போது கன்னப்பக்க முகடும் அண்ணப்பக்க முகடும் எதிரெதிர்த் திசையில் விலகத் தொடங்கும். அதைத் தடுப்பது முகடுகளை மூடிப் பிடிக்கும் கேப். வேருக்குள் இருக்கும் போஸ்ட்டால் அதைத் தடுக்க முடியாது.

இந்தப் பின்னணியோடு போஸ்ட் எங்கே தேவை என்று பார்க்கலாம். பெரிய கடைவாய்ப் பற்களில் நரம்பு இருந்த உள் அறையே அகலமாகவும் ஆழமாகவும் இருப்பதால், அந்த அறையும் கால்வாய்களின் வாயும் கோரைப் பிடித்துக்கொள்ளப் போதுமானவை. அங்கே போஸ்ட் பெரும்பாலும் வேண்டியதில்லை. தவிர்க்க முடியாதபோது மேற்கடைவாய்ப் பல்லில் அண்ணப்பக்க வேரிலும், கீழ்க்கடைவாய்ப் பல்லில் பின்பக்க வேரிலும் மட்டும் வைப்பார்கள். மற்ற வேர்கள் மெலிந்தும் வளைந்தும் இருப்பதால் அவற்றைத் தொடுவது ஆபத்து. முன்பற்களில் பல்லின் உருவம் முழுதாக இருந்து, பின்புறம் ரூட் கெனாலுக்குப் போட்ட துளை மட்டுமே இருந்தால், அந்தத் துளையைக் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளால் அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். சிக்கலான இடம் உங்களுடையதுபோன்ற முன்கடைவாய்ப் பல்தான். அதன் உள் அறை சிறியது, வேர் முன்பின்னாகத் தட்டையானது. அதே சமயம் மெல்லும் விசையும் பக்கவாட்டு அழுத்தமும் ஒருசேர அதன்மேல் விழுகின்றன.

இத்தகைய பல்லில் மருத்துவர்கள் மிஞ்சியிருக்கும் சுவர்களை எண்ணுவார்கள். நான்கில் மூன்று சுவர்கள் நன்றாக நின்றால் போஸ்ட் வேண்டாம். இரண்டு நின்றால், அவற்றின் உயரத்தையும் தடிமனையும் கடி அமைப்பையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒட்டும் காம்போசிட் கோர் மட்டுமே போதும் என்ற நிலை இங்கே அடிக்கடி அமையும். ஒன்று மட்டும் இருந்தாலோ, ஒன்றுகூட இல்லாவிட்டாலோ போஸ்ட் இல்லாமல் கோர் நிற்காது. ஆனால் இந்த எண்ணிக்கையைக் கேப்புக்காகப் பல்லைச் செதுக்கியபின் என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். செராமிக் கேப்புக்கு வெளிப்புறத்தில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை குறைக்க வேண்டியிருக்கும். இப்போது கண்ணாடியில் பார்க்கும்போது 2 மில்லிமீட்டர் தடிமனோடு உறுதியாகத் தெரியும் சுவர், செதுக்கியபின் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடாகிவிடும். அப்படி மெலிந்துவிடும் சுவரை இருப்பதாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இனி, பிளவின் அபாயத்தோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயத்துக்கு வருகிறேன். கேப்பின் விளிம்பு கோரின்மேல் முடியாமல், கோரையும் தாண்டிக் கீழே வந்து, ஈறுக்குச் சற்று மேலே நிற்கும் நல்ல பல்லைச் சுற்றிலும் வளைத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்புக்கு ஃபெரூல் என்று பெயர். உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் மாட்டியிருப்பது மரம் பிளக்காமல் இருப்பதற்காக. கேப் இங்கே செய்வதும் அதுதான். பூண் பிடிக்க மரம் வேண்டும் என்பதுபோல், கேப் பிடிக்கக் குறைந்தது ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு, 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் டென்டின் நிற்க வேண்டும். ஃபெரூல் கிடைத்த பல்லில் மெல்லும் விசை கேப் வழியாகப் பல்லின் கழுத்துப் பகுதிக்கே சென்று பரவிவிடுகிறது. போஸ்ட்டுக்கு வரும் பங்கு குறைவு. ஃபெரூல் இல்லாத பல்லில், பக்கவாட்டு அழுத்தம் ஒவ்வொன்றும் கோரை அசைத்து, கோர் போஸ்ட்டை அசைத்து, போஸ்ட் வேரின் உட்சுவரை நெம்புகிறது. ஒரு நாளில் ஒரு முறை பலமாகக் கடித்ததால் வேர் பிளப்பது அரிது. சிறிய அசைவுகள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழ்ந்து, உட்சுவரில் மயிரிழை போலத் தொடங்கும் விரிசல் மெல்ல வெளியே வந்து சேர்கிறது. எந்த வகைப் போஸ்ட், எந்தக் கம்பெனி சிமெண்ட் என்ற கேள்விகளையெல்லாம்விட ஃபெரூல் இருக்கிறதா என்ற கேள்வியே முதலில் கேட்கத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பல்லை ஒத்த ஒரு பல்லை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மேல் இரண்டாம் முன்கடைவாய்ப் பல், ஒரே வேர், ஒரே கால்வாய். பின்பக்கச் சொத்தை ஈறு வரை இறங்கிவிட்டது. முன்பக்கச் சுவர் பழைய அடைப்போடு சேர்ந்து உடைந்துவிட்டது. கன்னப்பக்கத்தில் இரண்டரை மில்லிமீட்டரும் அண்ணப்பக்கத்தில் 3 மில்லிமீட்டரும் உயரமுள்ள சுவர்கள் நிற்கின்றன. செதுக்கியபின் அண்ணப்பக்கச் சுவர் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும், கன்னப்பக்கச் சுவர் 1 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். இரு புறமும் உயரம் குறைவாக இருப்பதால் இங்கே போஸ்ட் தேவை. சுற்றிலும் முழு ஃபெரூல் கிடைக்காவிட்டாலும், இந்தப் பல்லை அசைக்கும் விசைகள் பெரும்பாலும் கன்னப்பக்கத்துக்கும் அண்ணப்பக்கத்துக்கும் இடையிலேயே செயல்படுவதால், சரியான இரு பக்கங்களில் அது கிடைத்திருக்கிறது. இதே சுவர்கள் முன்பக்கமும் பின்பக்கமும் நின்று, கன்னப்பக்கமும் அண்ணப்பக்கமும் வெறுமையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்தது நீளம். கேப்பின் விளிம்பு வரப்போகும் இடத்திலிருந்து வேர்நுனி வரை எக்ஸ்ரேயில் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேர்நுனியில் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்திருப்பதில் 5 மில்லிமீட்டரைத் தொடாமல் விட வேண்டும். அதைக் குறைத்தால் கிருமிகள் மீண்டும் நுனியை எட்டும் வழி திறக்கும். மிஞ்சுவது 9 மில்லிமீட்டர். கட்டப்போகும் கேப்பின் உயரம் 8 மில்லிமீட்டர். வேருக்குள் இருக்கும் நீளம் வெளியே நிற்கும் உயரத்துக்குக் குறையக் கூடாது என்ற விதி இதில் நிறைவேறுகிறது. எலும்பின் விளிம்பு 2 மில்லிமீட்டர் கீழே தொடங்குகிறது என்றால், போஸ்ட் எலும்புக்குள் 7 மில்லிமீட்டர் இறங்குகிறது. எலும்பு பிடித்திருக்கும் 12 மில்லிமீட்டர் வேரில் பாதிக்கு மேல் அது சென்றுவிடுகிறது. இது முக்கியம். போஸ்ட்டின் நுனி எலும்பு விளிம்பை ஒட்டியோ அதற்கு மேலோ நின்றுவிட்டால், எலும்பு பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இடையே விசை குவிகிறது. வேர் அந்த மட்டத்திலேயே ஒடியக்கூடும். ஈறுநோயால் எலும்பு ஏற்கனவே 5, 6 மில்லிமீட்டர் இறங்கிவிட்ட பல்லில் இந்தக் கணக்கு பொய்த்துப் போவதால்தான் அத்தகைய பல்லில் போஸ்ட் வைக்கத் தயங்குகிறோம்.

விட்டத்தில்தான் தவறு எளிதாக நேர்கிறது. முன்கடைவாய்ப் பல்லின் வேர் கன்னப்பக்கத்திலிருந்து அண்ணப்பக்கம்வரை அகலமாகவும், முன்பின்னாக ஒடுங்கியும் இருக்கும். நாம் எடுக்கும் எக்ஸ்ரேயோ ஒரு திசையிலிருந்து மட்டுமே காட்டுகிறது. பக்கத்தில் உள்ள பள்ளங்களை அது காட்டாது. போஸ்ட்டின் நுனி நிற்கும் ஆழத்தில் வேரின் ஒடுங்கிய அகலம் 3 மில்லிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள போஸ்ட் வைத்தால் இரு புறமும் 1 மில்லிமீட்டர் டென்டின் மிஞ்சும். வேரின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதே என்ற விதியும் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் விட்டுவை என்ற விதியும் இங்கே ஒன்றாகவே வந்து நிற்கின்றன. கூடுதல் பிடிப்புக்காக ஒன்றரை மில்லிமீட்டர் துளையிட்டால் ஒவ்வொரு புறமும் முக்கால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பிடிப்பைத் தருவதில் நீளத்துக்கும் ஒட்டுதலுக்கும் உள்ள பங்கு பெரிது. தடிமனுக்கு உள்ளது சிறிது. ஆகவே போஸ்ட்டுக்கு ஏற்பக் கால்வாயை அகலப்படுத்துவதைவிட, ரூட் கெனாலில் ஏற்கனவே உருவான கால்வாய்க்கு ஏற்ற போஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை. உங்களுக்குப் பக்கத்துப் பல்லான மேல் முதல் முன்கடைவாய்ப் பல்லாக இருந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு மெல்லிய வேர்கள் உண்டு, வேரின் முன்பக்கத்தில் ஆழமான பள்ளமும் உண்டு.

இனிப் போஸ்ட் எதனால் ஆனது என்பது. திருகுபோல் மரை போட்டு வேருக்குள் முறுக்கி ஏற்றும் உலோகப் போஸ்ட்கள் இன்றும் சில இடங்களில் பயன்படுகின்றன. முறுக்கும்போதே வேரின் சுவரில் இழுவிசையை ஏற்றிவிடுவதால் அவற்றை நான் ஏற்பதில்லை. அச்செடுத்து வார்த்துச் செய்யும் உலோகப் போஸ்ட் கோர் ஒரே துண்டாக இருப்பதால், கால்வாய் நீள்வட்டமாகவோ ஒழுங்கற்றதாகவோ உள்ள பற்களில் நன்றாகப் பொருந்தும். ஃபெரூல் உள்ள பல்லில் பல்லாண்டு நிற்கவும் செய்கிறது. கண்ணாடி இழையாலான ஃபைபர் போஸ்ட்டின் சிறப்பு அதன் நெகிழ்ச்சி. ஸ்டீலின் விறைப்பு டென்டினைப் போலச் சுமார் பத்து மடங்கு. ஃபைபர் போஸ்ட்டின் விறைப்போ டென்டினுக்கு வெகு அருகில் இருக்கிறது. அதனால் அழுத்தம் வரும்போது அது வேரோடு சேர்ந்து வளைகிறது. அது தோற்கும் விதமும் வேறு: பெரும்பாலும் ஒட்டு விட்டு, கேப்போடு சேர்ந்து கழன்று வருகிறது. கழன்று வந்த பல்லை மீண்டும் கட்டலாம். பிளந்த வேரை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பல்லுக்கு ஃபைபர் போஸ்ட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் ஃபைபர் போஸ்ட் வைத்தால் வேர் பிளக்கவே பிளக்காது என்று யாராவது உறுதி சொன்னால் அதை ஏற்க வேண்டாம். ஃபெரூல் இல்லாத குறையை எந்தப் பொருளாலும் ஈடுகட்ட முடியாது.

வேலை நடக்கும் விதத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டி, எச்சில் உள்ளே போகாமல் தடுத்த பிறகே கால்வாயைத் திறக்க வேண்டும். ரூட் கெனாலின்போது எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும், இந்தக் கட்டத்தில் எச்சில் புகுந்தால் அத்தனையும் வீணாகும். கட்டா பெர்ச்சாவைச் சூடான கருவியாலோ, நுனி வெட்டாத துளைக்கருவியை மெதுவாகச் சுழற்றியோ, முன்னரே குறித்த நீளம் வரை எடுப்பார்கள். பிறகு போஸ்ட்டை ஒட்டாமல் உள்ளே வைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்பது அவசியம்: போஸ்ட்டின் நுனிக்கும் மிஞ்சிய கட்டா பெர்ச்சாவுக்கும் இடையே கறுப்பு இடைவெளி தெரிந்தால் அங்கே வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். கால்வாய்ச் சுவரில் ரூட் கெனாலை அடைக்கப் பயன்படுத்திய சீலர் என்ற பசையின் படலம் இருந்தால் ரெசின் சிமெண்ட் ஒட்டாது. ஆகவே அதைத் துடைத்தெடுத்து, கழுவி, காகித முனைகளால் ஈரத்தை உறிஞ்சிய பின்னரே போஸ்ட்டை ஒட்டுவார்கள். மேலே காம்போசிட்டால் கோர் கட்டி, கேப்புக்குச் செதுக்கும்போது, விளிம்பு கோருக்குக் கீழே பல்லின்மேல் முடிகிறதா என்று பார்ப்பார்கள். நிரந்தரக் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். முகடுகள் மூடப்படாத முன்கடைவாய்ப் பல் அந்த இடைக்காலத்திலேயே பிளந்துவிடுவதுண்டு. ரூட் கெனால் செய்த பற்களைத் தொடர்ந்து கவனித்த அக்விலினோவும் கேப்லனும், கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்று 2002-இல் எழுதினார்கள்.

ஈறுக்கு மேலே சுவரே இல்லையென்றால் என்ன செய்வது என்றும் நீங்கள் கேட்கலாம். ஈறையும் சிறிது எலும்பையும் குறைத்து வேரை வெளிக்கொணரலாம்; ஆனால் அதனால் எலும்புக்குள் இருக்கும் வேர் குறைந்து, வெளியே நிற்கும் பகுதி நீண்டுவிடுகிறது. கம்பி கட்டி வேரைச் சில வாரங்களில் மெல்ல ஈறுக்கு வெளியே இழுத்துக்கொள்வது இதைவிட நல்ல வழி, ஏனெனில் வெளியே நிற்கும் பகுதி அதனால் நீளுவதில்லை. செலவும் காலமும்தான் கூடுதல். வேர் குட்டையாக இருந்து இவ்விரண்டும் இயலாதென்றால், பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட்டையோ பிரிட்ஜையோ யோசிப்பதே நேர்மையான ஆலோசனை. இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவருக்கும், அந்தப் பல்லின்மேல் பிரிட்ஜைச் சுமத்த நினைப்பவருக்கும் இந்த முடிவு இன்னும் சீக்கிரமாகவே வரும்.

கடைசியாக, வேர் பிளந்திருப்பதை எப்படி அறிவது என்பது. அது பெரும்பாலும் பெரிய வலியோடு வருவதில்லை. கடிக்கும்போது ஒரு மந்தமான உறுத்தல், ஈறில் அவ்வப்போது தோன்றி அடங்கும் ஒரு சிறு சீழ்க்கொப்புளம், காரணமில்லாமல் மீண்டும் மீண்டும் கழலும் கேப் ஆகியவையே தொடக்கம். வேர்நுனித் தொற்றின் கொப்புளம் ஈறின் விளிம்பிலிருந்து தள்ளி நுனிக்கருகே தோன்றுவது வழக்கம். பிளவின் கொப்புளம் ஈறு விளிம்புக்கு அருகிலேயே தோன்றும், சில சமயம் கன்னப்பக்கமும் அண்ணப்பக்கமும் ஒன்றாகத் தோன்றும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோலை நுழைத்துச் சுற்றிவரும்போது எங்கும் 2, 3 மில்லிமீட்டராக இருந்தது, ஒரே ஒரு புள்ளியில் சட்டென்று 8, 9 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒடுக்கமாக இறங்கினால், பிளவு இருப்பதாகவே சந்தேகிக்க வேண்டும். ஈறுநோயின் ஆழம் இப்படி ஊசித்துளைபோல் இராது, அகலமாகப் பரவியிருக்கும். எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கம் முழுவதும் இறங்கி நுனியைச் சுற்றி வளையும் கருநிழல் தெரியலாம், பிளவுக்கோடு நேரடியாகத் தெரிவது அரிது. சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்தாலும், உள்ளே உலோகப் போஸ்ட் இருந்தால் அதன் ஒளிக்கோடுகள் பிளவு போலவே தோற்றம் தந்து ஏமாற்றும். ஐயம் தீராதபோது ஈறைத் திறந்து, வேரின்மேல் சாயம் தடவி, உருப்பெருக்கியில் நேரில் பார்ப்பதே முடிவான வழி.

நீளவாக்கில் பிளந்த ஒற்றை வேர்ப் பல்லை ஒட்டிக் காப்பாற்றும் நம்பகமான முறை இன்று இல்லை. பல வேர்கள் உள்ள கடைவாய்ப் பல்லாக இருந்தால் பிளந்த வேரை மட்டும் வெட்டியெடுத்து மற்றதை வைத்துக்கொள்ளச் சில சமயம் முடியும். உங்கள் பல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிளவு உறுதியான பிறகு வலி இல்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவைத்தால், பிளவின் நெடுகிலும் எலும்பு கரைந்துகொண்டே போகும். கன்னப்பக்கத்து மெல்லிய எலும்புத்தகடுதான் முதலில் கரையும். பின்னர் இம்ப்ளான்ட் வைப்பதற்கு வேண்டிய எலும்பும் அதுவே என்பதால், அந்நிலையில் பல்லைத் தாமதமின்றி எடுத்துவிட வேண்டும்.